நெஞ்சில் ஒரு ஏ4 தாள்: உடுத்திய கறுப்பு ஹூடியில் வாடிக்கையாளரின் படத்தைப் பதிக்கும் முறை

பொகவந்தலாவைப் பக்கத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு தம்பி வந்திருந்தார். கையில் போன், போனில் ஒரு படம். இரண்டு இலையும் மொட்டுமாக ஒரு கொழுந்து, கீழே பெரிதாக "மலையகம்", அதற்கும் கீழே சின்னதாக 1823. "அண்ணே, இதைக் கறுப்பு ஹூடியில போட்டா எப்படி இருக்கும்னு முதல்ல காட்டுங்க. பொடியன்களுக்கு அனுப்பிட்டு எத்தனை வேணும்னு சொல்றேன்." கேட்டால்தான் அச்சடிக்கும் இந்தத் தொழிலில் எல்லாரும் இப்படித்தான் வருவார்கள். உடுப்பு இன்னும் இல்லை. படத்தைப் பார்த்துத்தான் ஓடர் வரும். ஆகவே மொக்கப் எனும் இந்த மாதிரிப் படம் விளம்பரம் மட்டுமல்ல, வாக்குறுதியும் கூட. பார்சலைப் பிரித்ததும் போனில் உள்ள படத்தையும் கையில் உள்ள ஹூடியையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துப் பார்ப்பார்கள்.

இந்த ஒரு வேலையை எடுத்துக்கொண்டு, போட்டோ பிடிப்பதிலிருந்து கடைசி வரை எப்படிச் செய்தேன் என்று சொல்கிறேன். வேண்டுமென்றே கறுப்பு ஹூடியை எடுத்தேன். வெள்ளை டீ-சேர்ட்டில் படம் பதிப்பதை யாரும் அரை மணி நேரத்தில் பழகிவிடலாம். கறுப்புத் துணியில் வெள்ளைப் படம் என்றால்தான் ஸ்டிக்கர் ஒட்டியது போல் வந்து நிற்கும். பயன்படுத்தியது போட்டோஷொப்.

முதலில் படத்தைச் சரியாக வாங்குங்கள்

வாட்சப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும். `Document` ஆக அனுப்பச் சொல்லுங்கள். பின்னணி இல்லாத PNG நல்லது. தம்பியின் படத்தில் கொழுந்துக்குப் பின்னால் ஒரு கறுப்புப் பெட்டி இருந்தது. ஹூடியும் கறுப்புத்தானே என்று விட்டுவிடக் கூடாது. துணியின் கறுப்பும் மையின் கறுப்பும் ஒன்றல்ல. அச்சடித்தால் நெஞ்சில் ஒரு கறுப்புச் சதுரம் பளபளக்கும். அதை நீக்கி, படத்தில் கறுப்பு வரவேண்டிய இடமெல்லாம் துணியே தெரியும்படி வெட்டிவிட்டேன்.

எழுத்து விஷயத்தில் நம் ஊருக்கே உரிய ஒரு தொல்லை உண்டு. பாதிப் பேர் இன்னும் பாமினி எழுத்துருவில்தான் வேலை செய்கிறார்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அவர்களுடைய கோப்பைத் திறந்தால் "மலையகம்" என்பது `kiyafk;` என்று நிற்கும். எழுத்தை வடிவமாக மாற்றி அனுப்பச் சொல்லுங்கள். இலஸ்ட்ரேட்டரில் அதற்கு `Type > Create Outlines`.

இன்னொன்றையும் இப்போதே பாருங்கள். படத்தைச் சுற்றி மங்கலான ஒளிவட்டமோ புகையோ இருக்கிறதா? திரையில் அது அழகாகத்தான் தெரியும். நான் அடிப்பது டிடிஎஃப், படலத்தில் அச்சடித்துச் சூட்டால் துணியில் ஒட்டும் முறை. அதில் ஒவ்வொரு நிறத்துக்கும் அடியில் வெள்ளை மை விழும். பாதி மறைந்த நிறத்துக்கு அடியிலும் அந்த வெள்ளை போய் உட்கார்வதால், ஒளிவட்டம் அழுக்குக் கறை போல வரும். அச்சில் வராததை மொக்கப்பில் காட்டாதீர்கள். தம்பியின் படத்தில் கொழுந்தைச் சுற்றி அப்படி ஒரு பச்சை ஒளி இருந்தது. காரணத்தைச் சொல்லி எடுத்துவிட்டேன்.

போட்டோ: ஒரே இடம், ஒரே வெளிச்சம், இரண்டு படங்கள்

ஹட்டனில் பாதி நாள் மூடுபனி. வெளியில் நிற்க வைத்து எடுத்தால் வெளிச்சம் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி விழும். முகத்துக்கு நல்லது, துணிக்குக் கெடுதி. மடிப்பின் நிழல் காணாமல் போகும். மடிப்பு தெரியாத ஹூடியில் என்ன வித்தை செய்தாலும் படம் பலகையில் ஒட்டியது போலத்தான் இருக்கும். ஆகவே உள்ளே, ஒற்றை ஜன்னலுக்குப் பக்கவாட்டில் ஆளை நிறுத்துங்கள். வெளியே பனியாக இருந்தாலும் பரவாயில்லை, ஜன்னல் வழியாக வந்தால் அந்த வெளிச்சத்துக்கு ஒரு திசை கிடைத்துவிடும்.

போனை ஸ்டூலில் வைத்தோ ஸ்டாண்டில் மாட்டியோ நெஞ்சு உயரத்தில் நிறுத்துங்கள். தலை உயரத்திலிருந்து குனிந்து எடுத்தால் நெஞ்சு அகலமாகவும் பை சிறிதாகவும் தெரியும். பின்னணியை மங்கலாக்கும் `Portrait` முறை வேண்டாம். அது ஹூடியின் ஓரத்தையும் கயிற்றையும் தின்றுவிடும்.

இனி இந்த வழிகாட்டியின் முக்கியமான இடம். ஒரு வெள்ளை ஏ4 தாளை எடுத்து, அச்சு வரப்போகும் இடத்தில் நான்கு மூலையிலும் இரட்டைப் பக்க டேப் வைத்து, நெடுக்காக, துணியோடு ஒட்டும்படி பதியுங்கள். போன் திரையில் தாளின் மேல் விரலை அழுத்திப் பிடித்து வெளிச்சத்தையும் குவியத்தையும் பூட்டிவிடுங்கள். ஒரு படம் எடுங்கள். பூட்டை எடுக்காமல், தாளை மட்டும் எடுத்துவிட்டு, ஆளை அசைய விடாமல் இரண்டாவது படம் எடுங்கள். பூட்டாவிட்டால் தாள் போனதும் போன் தானாகவே படத்தை வெளுப்பாக்கிவிடும், இரண்டும் ஒத்துவராது. தாள் முழு வெள்ளையாக எரிந்து போயிருந்தால் வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்து மறுபடி எடுங்கள்.

அந்தத் தாள் மூன்று விஷயம் சொல்லும். அளவு, நெஞ்சின் வளைவு, அந்த வெளிச்சத்தில் வெள்ளை என்பது உண்மையில் எவ்வளவு வெள்ளை. இந்த மூன்றையும் கண்மதிப்பில் போட்ட காலத்தில் ஒரு வாடிக்கையாளரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். மொக்கப்பில் நெஞ்சு நிறையத் தெரிந்த படம், கைக்கு வந்த ஹூடியில் நடுவில் ஒரு கையகலத்துக்கு இருந்தது. தப்பு என்னுடையதுதான். காசைத் திருப்பிக் கொடுத்தேன்.

அளவு

ஏ4 தாளின் அகலம் 21 சென்ரிமீற்றர், அதாவது 8.27 அங்குலம். தாள் உள்ள படத்தைத் திறந்து, `Ruler` கருவியால் தாளின் அகலத்தை அளந்தேன். 620 பிக்சல் வந்தது. 620ஐ 8.27ஆல் வகுத்தால் ஏறக்குறைய 75. இந்தப் போட்டோவில், இந்த நெஞ்சில், ஓர் அங்குலம் என்பது 75 பிக்சல்.

ஹூடியின் அகலத்தைத் தரையில் விரித்து அளந்து, அதைப் போட்டோவில் உள்ள அகலத்தோடு ஒப்பிட்டால் போதாதா என்று கேட்பார்கள். போதாது. விரித்தால் 22 அங்குலம் இருக்கும் ஹூடி உடம்பில் ஏறியதும் பக்கவாட்டில் சுற்றிக்கொள்ளும். முன்னாலிருந்து தெரிவது அதைவிடக் குறைவு. அந்தக் கணக்கில் போனால் படம் உண்மையைவிடச் சிறிதாகத்தான் மொக்கப்பில் விழும்.

அச்சு எவ்வளவு பெரிதாக வரலாம் என்பதை ஹூடியே தீர்மானிக்கும். டீ-சேர்ட்டில் முன்பக்கம் 12க்கு 16 அங்குலம் வரை போகலாம். ஹூடியில் கீழே பை குறுக்கே நிற்கிறது. பையின் தையல் மேட்டில் ஹீட் பிரஸ் சமமாக அழுந்தாது, அந்த இடத்தில் அச்சு உரியும். இந்த ஹூடியில் கழுத்துத் தையலிலிருந்து பையின் மேல் விளிம்பு வரை 14 அங்குலம். மேலே 2, கீழே 2 விட்டால் 10 மிச்சம். ஆகவே 12க்கு 10 அங்குலப் பெட்டி ஒன்றை அச்சிடம் என்று வைத்துக்கொண்டேன். போட்டோவில் அது 900க்கு 750 பிக்சல்.

இப்போது போட்டோஷொப்பில் தனியாக ஒரு கோப்பு. 300 dpi கணக்கில் 3600க்கு 3000 பிக்சல், பின்னணி வெறுமை. அதில் முதலில் வாடிக்கையாளரின் படத்தை வைக்க வேண்டாம். 300 பிக்சலுக்கு ஒன்றாக வெள்ளைக் கோடுகள் போட்டு ஒரு கட்டம் வரையுங்கள். ஒவ்வொரு கட்டமும் ஓர் அங்குலம். இதை PSD ஆகச் சேமித்து, தாள் இல்லாத போட்டோவைத் திறந்து `File > Place Embedded` மூலம் கொண்டுவாருங்கள். அகலப் பெட்டியில் `900 px` என்று தட்டினால் அளவு வந்துவிடும். இது `Smart Object` ஆக உட்காரும். பிறகு படத்தை மாற்ற நினைத்தால் லேயரின் சின்னப் படத்தை இரட்டை அழுத்தினால் போதும்.

கட்டம் எதற்கு? கோடு வளைவது கண்ணுக்குத் தெரியும். இலையும் மொட்டும் உள்ள படம் கோணலாகப் போனால் அது கோணலா, ஓவியமே அப்படியா என்று தெரியாது.

பெரிய வளைவுக்கு Warp, சின்ன மடிப்புக்குச் சாம்பல் வரைபடம்

நெஞ்சு உருண்டை. துணி சுருக்கமானது. இரண்டையும் ஒரே கருவியால் செய்யப் போவதுதான் பலர் செய்யும் பிழை.

முதலில் உருண்டை. தாள் உள்ள போட்டோவை ஒரு லேயராக மேலே வைத்து, `Opacity`யை 50 சதவீதமாகக் குறைத்தேன். தாளின் மேல் விளிம்பும் கீழ் விளிம்பும் எப்படி வளைந்திருக்கின்றன என்று பார்த்து, கட்டத்தை `Edit > Transform > Warp` மூலம் அதே வளைவுக்குக் கொண்டுவந்தேன். ஓரக் கட்டங்கள் நடுக் கட்டங்களைவிடக் கொஞ்சம் ஒடுங்க வேண்டும், ஏனென்றால் அங்கே நெஞ்சு பக்கம் திரும்புகிறது. ஆள் சற்றே ஒரு பக்கம் திரும்பி நின்றால் ஒடுக்கம் ஒரு பக்கம் அதிகமாக இருக்கும். தாள் இதையும் காட்டிக்கொடுக்கும். வளைவு பொருந்தியதும் தாள் லேயரை நீக்கிவிட்டேன்.

இனி மடிப்பு. `Displace` என்ற ஃபில்டர் இன்னொரு கறுப்பு வெள்ளைப் படத்தைப் பார்த்து, அதன் வெளிச்சத்துக்கு ஏற்ப உங்கள் படத்தின் பிக்சல்களை நகர்த்தும். வெளிச்சத்தின் எண் 0இலிருந்து 255 வரை. 128 என்ற நடுச் சாம்பல் உள்ள இடத்தில் எதுவும் நகராது. அதைவிடக் கறுத்தால் ஒரு பக்கம், வெளுத்தால் எதிர்ப்பக்கம் நகரும்.

கறுப்பு ஹூடியில் வேலை கெடும் இடம் இதுதான். போட்டோவை அப்படியே கறுப்பு வெள்ளையாக்கி வரைபடமாகக் கொடுத்தால், துணி முழுவதும் 35, 40 என்ற அளவில் இருண்டு கிடக்கும். 128ஐ விட்டு எவ்வளவோ கீழே. விளைவு, மடிப்புக்கு ஏற்ப வளைவதற்குப் பதில் முழுப் படமும் மூலைவாக்கில் தள்ளிப்போகும். ஃபில்டரைப் போட்டதும் படம் மொத்தமாக இடம் மாறினால், வரைபடத்தின் சராசரி 128இல் இல்லை என்று அர்த்தம். எண்களைக் கூட்டிக் குறைத்துப் பார்ப்பதில் பயனில்லை. வரைபடத்தைத் திருத்த வேண்டும்.

வழி சுலபம். `Image > Duplicate` மூலம் வெற்று ஹூடிப் போட்டோவின் பிரதி ஒன்றை எடுத்து, கட்ட லேயரை நீக்கிவிட்டு, `Image > Adjustments > Desaturate`. பிறகு `Filter > Other > High Pass`, அளவு 40 பிக்சல். இந்த ஃபில்டர் பரந்த வெளிச்ச வேறுபாட்டைக் கழித்துவிட்டு, சிறு வேறுபாடுகளை மட்டும் 128ஐச் சுற்றி வைக்கும். கறுப்பு ஹூடியாக இருந்தாலும் வெள்ளை ஹூடியாக இருந்தாலும் நடுச் சாம்பலில்தான் வந்து நிற்கும். பரந்த வளைவு இதில் தொலைந்துபோவது நமக்கு நல்லதே. அதை `Warp` ஏற்கெனவே பார்த்துக்கொண்டது.

கறுப்புத் துணியில் மடிப்புக்கும் மேட்டுக்கும் வித்தியாசம் மிகக் கொஞ்சம். ஆகவே `Levels` திறந்து இரண்டு முனைகளையும் உள்ளே இழுங்கள், ஆனால் 128க்கு இரு பக்கமும் சம தூரத்தில். நான் 98, 158 என்று வைத்தேன். ஒன்றை அதிகம் இழுத்தால் நடு நகர்ந்து, பழைய கதை திரும்ப வரும்.

இந்த நிலையில் ஒரு பிரதியைத் தனியாக எடுத்து வையுங்கள், நிழலுக்குத் தேவைப்படும். மற்றதில் `Filter > Blur > Gaussian Blur`, 4 பிக்சல். துணியின் நெசவையும் போனின் புள்ளிப் பிசிறையும் இது அமுக்கும். மங்கலாக்காமல் விட்டால் எழுத்தின் ஓரம் எலி கடித்தது போல் வரும். தமிழ் எழுத்தில் இது முதலில் தெரிவது புள்ளியில். "ம்" மேலுள்ள புள்ளி நசுங்கி ஒரு கோடாகிவிட்டால் இன்னும் மங்கலாக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. இந்த ஃபில்டருக்கு எது மடிப்பு, எது கயிறு என்று தெரியாது. வெளிச்சம் மட்டும்தான் தெரியும். ஹூடியின் இரண்டு கயிறுகளும் சாம்பல் வரைபடத்தில் பெரிய மலைத்தொடர் போல நிற்கும், அதைச் சுற்றி எழுத்து நெளியும். `#808080` நிறத்தில் மெல்லிய பிரஷ் எடுத்து கயிறுகள் இருந்த இடத்தை வரைபடத்தில் அழித்துவிடுங்கள். அந்த நிறம்தான் 128. பிறகு லேயர்களை ஒன்றாக்கி `map.psd` என்று சேமியுங்கள். PSD மட்டும்தான் ஏற்கும். போட்டோவும் வரைபடமும் ஒரே அளவாக இருக்க வேண்டும், இடையில் ஒன்றை வெட்டினால் மற்றதோடு பொருந்தாது.

இப்போது கட்டம் உள்ள லேயரில் `Filter > Distort > Displace`. கிடையாக 10, செங்குத்தாக 6, `Stretch To Fit`, `Repeat Edge Pixels`, பிறகு `map.psd`. 100 என்று கொடுத்தால் ஆகக் கூடியது 128 பிக்சல் நகரும். 10 என்றால் சுமார் 13 பிக்சல். நம் கணக்கில் 75 பிக்சல் ஓர் அங்குலம், ஆகவே இது நாலு மில்லிமீற்றர் சொச்சம். ஹூடித் துணி தடிப்பு, மடிப்பு அகலம், இதற்கு மேல் போனால் படம் தண்ணீருக்குள் கிடப்பது போலாகிவிடும். கட்டத்தின் கோடு மடிப்பில் இறங்குவதற்குப் பதில் ஏறுவது போல் தெரிந்தால், எண்ணுக்கு முன் கழித்தல் குறி போட்டுப் பாருங்கள்.

நிழலும் வெள்ளையும்

கட்டம் துணியோடு போகிறது என்று திருப்தி வந்த பிறகு, லேயரின் சின்னப் படத்தை இரட்டை அழுத்தி, உள்ளே கட்டத்தை மறைத்து, வாடிக்கையாளரின் படத்தை வைத்துச் சேமித்தேன். 11 அங்குல அகலம், அதாவது உள்ளே 3300 பிக்சல். வளைவு எல்லாம் தானாக ஏறிவிடும். ஆனாலும் படம் இன்னும் விளக்குப் போல எரிகிறது. நிழல் இல்லை.

வெள்ளை டீ-சேர்ட்டாக இருந்தால் லேயரை `Multiply` ஆக்கினால் வேலை முடிந்தது, துணியின் நிழலே படத்தில் இறங்கும். கறுப்பில் அதைச் செய்தால் படமே காணாமல் போகும், கறுப்போடு எதைப் பெருக்கினாலும் கறுப்புத்தானே. அதனால் பலர் `Normal`இல் விட்டுவிட்டு, மேலே துணியின் நிழலைக் கொஞ்சம் தூவிப் பார்ப்பார்கள். ஒன்றும் தெரியாது. காரணம் இது. துணி 40 என்றும் மடிப்பின் உள்ளே 28 என்றும் இருந்தால், வித்தியாசம் 12தான். ஆனால் விகிதம் 0.7. அதே மடிப்பில் 235 அளவு வெள்ளை மை இருந்தால் அது 165 ஆக வேண்டும். வித்தியாசம் 70. கறுப்பில் கண்ணுக்குத் தெரியாத நிழல் வெள்ளையில் பளிச்சென்று தெரியும், வெள்ளைப் பள்ளிச் சீருடையின் மடிப்பைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். ஆகவே நிழலைப் பல மடங்கு பெருக்கித்தான் படத்தின் மேல் போட வேண்டும்.

எடுத்து வைத்த சாம்பல் பிரதி அதற்குத்தான். அதை 1 பிக்சல் மட்டும் மங்கலாக்கி, ஷிப்ட் விசையை அழுத்தியபடி போட்டோவுக்குள் இழுத்துவிட்டால் அதே இடத்தில் பொருந்தி உட்காரும். படத்தின் லேயருக்கு மேலே வைத்து `Create Clipping Mask`. கலப்பு முறை `Linear Light`. நடுச் சாம்பல் இதிலும் ஒன்றும் செய்யாது. கறுத்த இடம் நிழலாகும், வெளுத்த இடம் ஒளியாகும். `Opacity` 50இல் தொடங்கி ஏற்றினேன், 65இல் நிறுத்தினேன்.

எங்கே நிறுத்துவது? படத்தின் ஓரத்தைப் பாருங்கள். துணியில் வரும் ஒரு மடிப்பு, படத்துக்குள் நுழைந்து மறுபக்கம் வெளியேறும் வரை ஒரே கோடாகத் தெரிய வேண்டும். படத்துக்குள் மறைந்தால் போதவில்லை. படத்துக்குள் மட்டும் கத்தி வெட்டு மாதிரித் தெரிந்தால் கூடிவிட்டது. பெருக்கும்போது போனின் பிசிறும் பெருகும். பொட்டுப் பொட்டாக அழுக்கு விழுந்தால் போட்டோவே இருட்டில் எடுக்கப்பட்டது என்று அர்த்தம். ஜன்னலுக்கு இன்னும் பக்கத்தில் நின்று மறுபடி எடுப்பதுதான் மருந்து.

வெள்ளைக்கு மறுபடி தாளிடம் போக வேண்டும். தாள் உள்ள போட்டோவில் `Eyedropper` வைத்துப் பார்த்தபோது ஜன்னல் பக்கம் 228, மறுபக்கம் 205. அந்த அறையில் அந்த நேரத்தில் வெள்ளை என்பது அவ்வளவுதான். என் படத்தின் வெள்ளை 255இல் நின்றால் யார் பார்த்தாலும் ஒட்டியது என்று சொல்வார்கள். ஒரு `Levels` லேயரைப் படத்தோடு கிளிப் செய்து, வெளியீட்டின் மேல் எல்லையை 228 ஆக்கினேன். அதன் மேல் ஜன்னல் பக்கம் வெள்ளையிலிருந்து மறுபக்கம் வெளிர்ச் சாம்பலுக்கு இறங்கும் ஒரு `Gradient`, `Multiply` முறையில், 205ஐத் தொடும் அளவுக்கு. பனி நாளில் தாள் கொஞ்சம் நீலமாகத் தெரியும். அந்த நீலத்தையும் படத்துக்குக் கொடுங்கள். இந்த இரண்டு சிறு லேயரும் செய்யும் மாற்றத்தை வேறு எந்த ஃபில்டரும் செய்யாது.

துணியின் நெசவைப் படத்தின் மேல் அழுத்தமாகக் காட்டும் மொக்கப் நிறையப் பார்த்திருக்கிறேன். அழகுதான், ஆனால் நீங்கள் விற்கப்போவது என்ன? டிஜிட்டல் மையை நேராகத் துணியில் தெளிக்கும் டிடிஜி என்றால் நெசவு ஓரளவு தெரியும். டிடிஎஃப் என்றால் அது துணியின் மேல் ஒட்டும் மெல்லிய படலம், நெசவை அது மூடிவிடும். நான் டிடிஎஃப் அடிப்பவன். ஆகவே நெசவைக் காட்டுவதில்லை.

கயிறு, பை, கை

கயிறுகள் படத்தின் மேலே தொங்க வேண்டும். `Smart Object` லேயருக்கு ஒரு மாஸ்க் போட்டு, பேனாக் கருவியால் கயிற்றை வெட்டியெடுத்து மறையுங்கள். கிளிப் செய்த லேயர்கள் தாமாகவே அதைப் பின்பற்றும். கயிறு படத்தில் விழுத்தும் நிழலையும் மறக்க வேண்டாம். கிளிப் செய்த வெறும் லேயர் ஒன்றில், `Multiply` முறையில், ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் கயிற்றை ஒட்டி மெல்லிய கறுப்புக் கோடு ஒன்றை இழுத்து மங்கலாக்கினால் போதும். இது இல்லாவிட்டால் கயிறு படத்துக்குள் புதைந்தது போலத் தெரியும். கையைப் பைக்குள் விட்டு நிற்கச் சொன்னால் கைக்கு மாஸ்க் போடும் வேலை மிச்சம்.

வெள்ளை டீ-சேர்ட்டுக்கு இதே வழிதான், பாதி வேலையோடு. தாள் வையுங்கள், `Warp` செய்யுங்கள். துணி மெல்லியது, மடிப்பு நுணுக்கமானது, ஆகவே `High Pass` 25, மங்கல் 2 அல்லது 3 போதும். நிழலுக்கு `Multiply`. மென்பொருள் வாங்க வசதியில்லாதவர்கள் இலவசமான ஜிம்பில் செய்யலாம். அங்கே `Filters > Enhance > High Pass`, `Filters > Map > Displace`. 2025இல் வந்த 3.0 பதிப்பிலிருந்து பல ஃபில்டர்களைப் பிறகும் திருத்த முடிகிறது.

அனுப்புவதற்கு முன்

முழுப் படத்தையும் இடம் வலமாகத் திருப்பிப் பாருங்கள். "மலையகம்" கண்ணாடியில் தெரிவது போலப் புரண்டு வாசிக்க முடியாமல் போகும்போது, கண் எழுத்தை விட்டுவிட்டு வடிவத்தைப் பார்க்கும். சாய்ந்திருந்தால் அப்போதுதான் தெரியும். பிறகு போனில் தெரியும் அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். தம்பியின் படத்தில் 1823 என்பது அந்த அளவில் வாசிக்க முடியவில்லை. அச்சில் அது கால் அங்குல உயரம்தான் வந்திருக்கும். அவரைக் கேட்டு இரட்டிப்பாக்கினேன். மொக்கப்பில் மட்டும் பெரிதாக்கவில்லை, அச்சுக் கோப்பிலேயே. இரண்டும் ஒரே `Smart Object`இலிருந்து வந்தால் பிசகாது.

இன்னும் சந்தேகம் இருந்தால் படத்தை நிஜ அளவில் இரண்டு தாளில் அடித்து ஒட்டி, ஹூடியின் மேல் பிடித்துப் பாருங்கள். திரையில் உள்ளதும் கையில் உள்ளதும் ஒன்றா என்பது ஒரு நொடியில் தெரிந்துவிடும்.

பிறகு நீளப் பக்கம் 2000 பிக்சல், `sRGB`, JPEG. கூடவே இரண்டு விஷயத்தை எழுதி அனுப்புவேன். ஒன்று, படத்தில் இருப்பவர் போட்டிருப்பது எல் சைஸ், அச்சு 11 அங்குலம். எஸ் சைஸிலும் அதே 11தான் வரும், ஆகவே அதில் பெரிதாகவும் இரண்டு எக்ஸ்எல்லில் சிறிதாகவும் தெரியும். மற்றது நிறம். போன் திரையில் ஒளிரும் அந்தக் கொழுந்துப் பச்சை மையில் அவ்வளவு ஒளிராது. இதற்காக மொக்கப்பிலேயே பச்சையைக் கொஞ்சம் தணித்துத்தான் அனுப்பினேன்.

தம்பி அன்று இரவே திருப்பிப் போன் எடுத்தார். "அண்ணே, இது அடிச்ச ஹூடியா, இல்ல படமா? பொடியன்கள் சண்டை பிடிக்கிறான்கள்." படம்தான் என்றேன். பதினாலு ஹூடி, அதில் மூன்று எஸ்.